ஜெர்மனிக்கு அனுப்பும் ரெஸ்யூமே: மூன்று வடிவங்களில் எது உங்களுக்கு?

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கும் மெக்கானிக்கல் இன்ஜினியர் ஒருவர் போன மாதம் தன் ரெஸ்யூமேயை எனக்கு அனுப்பினார். ஒன்றல்ல, மூன்று ஃபைல்கள். முதலாவது, அமெரிக்க பாணியில் ஒரே பக்கம். போட்டோ இல்லை, பிறந்த தேதி இல்லை. இரண்டாவது, ஜெர்மன்காரர்கள் ‘லேபன்ஸ்லாஃப்’ என்று சொல்லும் வடிவம். மேலே வலது ஓரத்தில் போட்டோ, கீழே கையெழுத்து. மூன்றாவது, ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவச இணையதளத்தில் தயாரிக்கும் யூரோபாஸ். “அண்ணா, யூடியூபில் ஒருத்தர் போட்டோ வைக்காதேன்னு சொல்றார், இன்னொருத்தர் போட்டோ இல்லன்னா திறந்தே பார்க்க மாட்டாங்கன்னு சொல்றார். எதை அனுப்பட்டும்?” என்று கேட்டிருந்தார்.

நான் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு இயந்திரத் தயாரிப்பு நிறுவனத்தில் இருக்கிறேன். எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது வரும் விண்ணப்பங்களைப் படிப்பவர்களில் நானும் ஒருவன். அதனால் இதே கேள்வி மாதத்துக்கு இரண்டு முறையாவது வந்துவிடும். அவருடைய ரெஸ்யூமேயையே எடுத்துக்கொண்டு மூன்று வழிகளையும் ஒப்பிடுகிறேன். பெயர், நிறுவனம் எல்லாம் விட்டுவிட்டேன். தேதிகள் மட்டும் வேண்டும்.

அவர் கதை இது. பத்தாம் வகுப்பு முடித்ததும் பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ, 2009 முதல் 2012 வரை. அப்புறம் லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ. வகுப்புகள் 2015 ஏப்ரலில் முடிந்தன, ஆனால் ஒரு அரியர் இருந்தது. அதை நவம்பர் 2015 தேர்வில் முடித்தார். ஜனவரி 2016 முதல் ஆகஸ்ட் 2019 வரை ஓசூரில் வேலை. அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியதால் வேலையை விட்டார். ஐந்து மாதம் வீட்டில். பிறகு டிஎன்பிஎஸ்சி படிக்க உட்கார்ந்தார், கொரோனா வந்தது, ஒன்பது மாதம் போனது. நவம்பர் 2020 முதல் இப்போதைய வேலை.

## எதை வைத்து அளப்பது

முதலில் யார் படிக்கப்போகிறார்கள் என்று பாருங்கள். பெர்லினில் ஆங்கிலத்திலேயே வேலை நடக்கும் ஒரு மென்பொருள் நிறுவனமும், பாடன் வ்யூர்ட்டம்பெர்க்கின் ஒரு சிறு ஊரில் மூன்று தலைமுறையாக வால்வு செய்யும் குடும்ப நிறுவனமும் ஒரே நாட்டில்தான் இருக்கின்றன. படிக்கும் கண்கள் ஒன்றல்ல.

அடுத்தது, ஒவ்வொரு வரிக்கும் பின்னால் காகிதம் இருக்கிறதா என்பது. இதுதான் நம் ஆட்கள் பலருக்குப் பிடிபடாத இடம். அமெரிக்க ரெஸ்யூமே ஒரு விளம்பரம்: உங்களில் சிறந்ததைக் காட்டும், மற்றதைப் பேசாது. ஜெர்மன் லேபன்ஸ்லாஃப் ஒரு பொருளடக்கம். அதன் பின்னால் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பழைய நிறுவனங்கள் தந்த சான்றுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டாக அனுப்புவதுதான் இங்கே பழைய வழக்கம். படிப்பவர் வரியையும் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

மூன்றாவது, எல்லை தாண்டும்போது சொல்லின் அர்த்தம் மாறுகிறதா. நான்காவது, எவ்வளவு சொந்த விவரத்தை முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுக்கிறீர்கள். இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு அட்டவணையைப் பாருங்கள்.

| விவரம் | அமெரிக்க பாணி ஆங்கில ரெஸ்யூமே | ஜெர்மன் லேபன்ஸ்லாஃப் | யூரோபாஸ் |
|---|---|---|---|
| நீளம் | 1 பக்கம், அனுபவம் கூடினால் 2 | 2 பக்கம் | எளிதில் 3, 4 ஆகிவிடும் |
| தேதி | வருடம் மட்டும் போட்டாலும் நடக்கும் | மாதம்/வருடம் கட்டாயம் | நாள் வரை போட இடம் உண்டு |
| இடைவெளி | பேசாமல் விடலாம் | ஒரு வரியில் சொல்ல வேண்டும் | நீங்கள் சேர்த்தால் உண்டு |
| போட்டோ | கூடாது | விருப்பம், ஆனால் வழக்கம் | விருப்பம் |
| பிறந்த தேதி, குடியுரிமை | கூடாது | விருப்பம், பெரும்பாலும் இருக்கும் | விருப்பம் |
| திருமண நிலை | கூடாது | தேவையில்லை | பெட்டியே இல்லாததுபோல் நினைத்துக்கொள்ளுங்கள் |
| மொழித் திறன் | ஒரு வரி | தொடக்க நிலை ஏ1 முதல் உச்ச நிலை சி2 வரை அளவு | கேட்டல், வாசித்தல் எனப் பிரித்து அளவு |
| கையெழுத்து | இல்லை | ஊர், தேதி, கையெழுத்து (பழைய வழக்கம்) | கேட்டால் மட்டும் |

அப்பா பெயர், மதம், சமூகப் பிரிவு, ரத்த வகை, பாஸ்போர்ட் எண், இப்போதைய சம்பளம் ஆகியவை அட்டவணையில் இல்லை. மூன்று வடிவத்திலும் அவற்றுக்கு இடம் கிடையாது. பாஸ்போர்ட் எண்ணை ரெஸ்யூமேயில் எழுதுவது ஆதார் நகலைப் பஸ் ஸ்டாண்டில் ஒட்டுவது மாதிரி. அது வேலை கிடைத்து விசா போடும்போதுதான் தேவைப்படும். தேவாலயங்கள் நடத்தும் மருத்துவமனைகளும் காப்பகங்களும் சில பதவிகளுக்கு மதம் பற்றிக் கேட்பதுண்டு. அப்போதும் அவர்கள் கேட்ட பிறகு சொன்னால் போதும்.

## முதல் வழி: அமெரிக்க பாணி ஆங்கில ரெஸ்யூமே

இதன் பெரிய வசதி, ஏற்கெனவே கையில் இருப்பது. நௌக்ரிக்கும் லிங்க்ட்இன்னுக்கும் செய்ததில் ‘கரியர் அப்ஜெக்டிவ்’, அப்பா பெயர், கடைசியில் வரும் ‘மேற்கண்டவை உண்மை என உறுதி கூறுகிறேன்’ வாசகம் ஆகியவற்றை வெட்டினால் ஒரு மாலையில் தயார். விளம்பரமே ஆங்கிலத்தில் இருந்து, அணியில் பத்து நாட்டுக்காரர்கள் இருக்கும் நிறுவனம் என்றால் இதை அனுப்புங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தனிவிவரம் குறைவாகப் போவதும் இதில்தான்.

மறைந்திருக்கும் செலவு தேதியில் வருகிறது. நம் இன்ஜினியர் ஒரு பக்கத்தில் அடக்குவதற்காக ‘2016 – 2019’, ‘2020 – இன்றுவரை’ என்று போட்டிருந்தார். சிகாகோவில் இதைப் பார்ப்பவர் கவனிக்காமல் போகலாம். இங்கே மனிதவளத் துறையில் இருப்பவருக்கு வருடம் மட்டும் இருக்கும் ரெஸ்யூமேயே ஒரு அறிகுறி: எதையோ மறைக்கிறார். டிசம்பர் 2019-க்கும் ஜனவரி 2020-க்கும் நடுவில் இடைவெளி ஒரு மாதமா, ஜனவரி 2019-க்கும் டிசம்பர் 2020-க்கும் நடுவில் கிட்டத்தட்ட இரண்டு வருடமா என்று அந்த வரியை வைத்துச் சொல்லவே முடியாது. படிப்பவர் மோசமானதைத்தான் கற்பனை செய்வார்.

இரண்டாவது செலவு அவருக்கே தெரியவில்லை. ‘உயர்ந்த பட்டம் மட்டும் போதும்’ என்ற அமெரிக்க அறிவுரையைக் கேட்டு டிப்ளமோவைத் தூக்கிவிட்டார். மிச்சம் நின்றது ‘பி.இ., 2012 – 2015’. இந்தியப் பட்டங்களை ஜெர்மனியில் எடைபோட உதவும் ‘அனாபின்’ என்ற பொதுத் தரவுத்தளத்தில் பி.இ. நான்கு வருடப் படிப்பு. இவர் காகிதத்தில் மூன்று. ஒரு வருடம் எங்கே? அந்தக் கேள்விக்குப் பதில் அவர் வெட்டி எறிந்த டிப்ளமோ வரியில்தான் இருந்தது.

## இரண்டாம் வழி: லேபன்ஸ்லாஃப்

இடது பக்கம் தேதி, வலது பக்கம் விவரம், புதியது மேலே பழையது கீழே. பார்த்தால் ரயில்வே கால அட்டவணை போல இருக்கும். அழகாக்க நினைத்து உண்மையான டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ் எல்லாம் போடாதீர்கள். பெரிய நிறுவனங்களின் விண்ணப்ப மென்பொருள் அவற்றை இழுக்கும்போது தேதி ஒரு பக்கமும் பதவி ஒரு பக்கமும் ஓடிவிடும். டேப் வைத்து நிறுத்தினாலே அதே தோற்றம் வரும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: பிடிஎஃப்பைத் திறந்து முழுவதையும் செலக்ட் செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே வரிகள் வரிசையாக நின்றால் மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரியும்.

### தேதியும் இடைவெளியும்

06/2012 என்று மாதம்/வருடம் போடுங்கள். முழுத் தேதி வேண்டிய இடத்தில் ஜெர்மன் வழக்கம் புள்ளி: 04.03.2019 என்றால் மார்ச் 4. சாய்கோடு போட்டு 04/03/2019 என்று எழுதினால் மார்ச்சா ஏப்ரலா என்று ஒரு கணம் யோசிக்க வைக்கும். அந்த ஒரு கணமும் எதற்கு?

அரியர் விஷயம் இங்கேதான் வருகிறது. நம் வழக்கப்படி ‘பாஸ்டு அவுட் 2015’ என்று எழுதிவிடுவோம். லேபன்ஸ்லாஃபில் வகுப்பு முடிந்த 04/2015 போடுவதா, சான்றிதழில் இருக்கும் 11/2015 போடுவதா? சான்றிதழில் இருப்பதைத்தான். காகிதமும் வரியும் ஒத்துப்போக வேண்டும் என்பதே இந்த வடிவத்தின் முதல் விதி. ஏழு மாதம் தள்ளிப்போனதைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். ஜெர்மன் மாணவர்களே குறித்த செமஸ்டரில் முடிப்பது குறைவு. ஆனால் ரெஸ்யூமேயில் ஏப்ரல், சான்றிதழில் நவம்பர் என்றிருந்தால் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

பதினான்கு மாத இடைவெளியை அவர் இரண்டு வரியாக்கினார். 09/2019 – 01/2020: குடும்ப உறுப்பினரைப் பராமரித்தல். 02/2020 – 10/2020: மாநில அரசுப் பணிக்கான போட்டித் தேர்வுத் தயாரிப்பு. டிஎன்பிஎஸ்சி என்ற எழுத்துகள் இங்கே யாருக்கும் எதையும் சொல்லாது, அதனால் சுருக்கத்தை விட்டு விஷயத்தை எழுதச் சொன்னேன். அப்பாவின் நோய் என்ன, தேர்வில் என்ன ஆனது என்பதெல்லாம் எழுத வேண்டியதில்லை. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளி என்றால் ஒரு வரி; அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. பராமரிப்பு என்பது இங்கே மரியாதையான காரணம், அதற்கென்று சட்டப்படி விடுப்பே இருக்கிறது. தேவையில்லாமல் ‘ஃப்ரீலான்ஸ் கன்சல்டன்ட்’ என்று மூடி மறைக்கப் பார்த்தால் அதற்கும் காகிதம் கேட்பார்கள்.

### போட்டோவும் பிறந்த தேதியும்

2006-இல் ஜெர்மனியில் வந்த பொதுச் சமநடத்தைச் சட்டம் இனம், பாலினம், மதம், வயது போன்றவற்றை வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. அதன் பிறகு நிறுவனங்கள் போட்டோவைக் கட்டாயம் என்று கேட்பதில்லை. ஆனால் அனுப்புபவர்கள் நிறுத்தவில்லை. ஆகவே யூடியூபில் சொன்ன இரண்டு பேரும் பாதி சரி.

வைப்பதால் இழப்பு இல்லையா என்றால், இருக்கலாம். லின்ஸ் பல்கலைக்கழகத்தின் பொருளாதார அறிஞர் டோரிஸ் வைக்‌செல்பௌமர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு பலருக்குத் தெரியும். தகுதி ஒன்றே, போட்டோவில் இருக்கும் பெண்ணும் ஒருவரே. பெயரையும் முக்காட்டையும் மட்டும் மாற்றி ஜெர்மன் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார். ஜெர்மன் பெயருக்கு 18.8 சதவீதம் நேர்காணல் அழைப்பு. துருக்கிப் பெயருக்கு 13.5. அதே துருக்கிப் பெயரோடு முக்காடும் இருந்தபோது 4.2. போட்டோ எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

என் கணக்கு இது: சிறு ஊர்க் குடும்ப நிறுவனத்துக்கு ஜெர்மன் மொழியில் விண்ணப்பித்தால் போட்டோ வையுங்கள், நம் பெயரே எங்கிருந்து வருகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறது, போட்டோவை எடுப்பதால் ஒளிவது அதிகமில்லை. ஆங்கில விளம்பரம், பெரிய பன்னாட்டு நிறுவனம் என்றால் விட்டுவிடுங்கள். முக்காடு அணிபவர்கள் இதே முடிவைத் தங்கள் மனதுக்குப் பட்டபடி எடுப்பதுதான் நியாயம். அதில் நான் அறிவுரை சொல்லப்போவதில்லை.

வைப்பதென்றால் பாஸ்போர்ட் போட்டோ வேண்டாம். தோளுக்கு மேல், லேசான புன்னகை, சாதாரண வெளிர் பின்னணி. நம் ஊர் ஸ்டுடியோவில் சொல்லாமலே முகத்தை இரண்டு சுற்று வெளுப்பாக்கி, கோட்டு ஒன்றைக் கம்ப்யூட்டரில் மாட்டிவிடுவார்கள். நம் இன்ஜினியர் அனுப்பிய முதல் போட்டோவில் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். “அப்படியே விடுங்க அண்ணே” என்று ஸ்டுடியோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிறந்த தேதி எழுதினால் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுதுங்கள். பள்ளியில் சேர்க்க ஜூன் மாதம் பிறந்ததாக ஹெட்மாஸ்டர் எழுதிய தலைமுறை நம்முடையது. வீட்டில் கொண்டாடும் தேதி வேறாக இருக்கலாம். இங்கே அது எங்கும் நுழையக் கூடாது. குடியுரிமையை எழுதுவது உங்களுக்கே நல்லது, வேலை அனுமதி வேண்டுமா என்பது நிறுவனத்துக்கு முதலிலேயே தெரிந்துவிடும்.

### பெயர்

இனிஷியலோடு நிற்கும் பெயர் இங்கே புரியாது. புள்ளி வைத்த ஒற்றை எழுத்து குடும்பப் பெயரின் இடத்தில் நின்றால் விண்ணப்பப் படிவமே ஏற்காது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ‘சர்நேம்’ என்று விரிவாக இருந்தால் அப்படியே எழுதுங்கள். பிறகு ஆபீசில் எல்லாரும் உங்களை அப்பா பெயரால் ‘ஹெர்’ போட்டுக் கூப்பிடுவார்கள். முதல் வாரம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பீர்கள், பழகிவிடும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே அதைத் திருத்திக்கொள்வது பின்னால் விசா, வங்கிக் கணக்கு, நகராட்சிப் பதிவு எல்லாவற்றிலும் வரும் இழுபறியைக் குறைக்கும். சான்றிதழில் ஒரு வரிசை, பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை என்றால் ரெஸ்யூமே பாஸ்போர்ட்டைப் பின்பற்றட்டும்.

### இந்த வழியின் மறைவுச் செலவு

நேரம் ஒன்று; சான்றிதழ்களைத் தேடி, ஸ்கேன் செய்து, ஒரே பிடிஎஃப்பாகச் சுருக்குவதற்குள் ஒரு வாரம் போகும். பெரிய செலவு மொழி. ஜெர்மனில் அச்சடித்தது போன்ற லேபன்ஸ்லாஃபை யாரோ எழுதிக் கொடுத்து, நேரில் உங்கள் ஜெர்மன் ஏ2 என்றால், நேர்காணலின் மூன்றாவது நிமிடத்தில் எல்லாம் வெளிவந்துவிடும். விளம்பரம் எந்த மொழியோ அந்த மொழியில் ரெஸ்யூமே என்பது பொது விதி. ஜெர்மன் பி1-க்குக் கீழே என்றால் நான் சொல்வது: ஜெர்மன் கட்டமைப்பு, ஆங்கில வாசகம். மாதம்/வருடம், இடைவெளி வரி, மொழி அளவு எல்லாம் லேபன்ஸ்லாஃப் முறை. எழுதுவது மட்டும் உங்களால் பேச முடிகிற மொழியில்.

## மூன்றாம் வழி: யூரோபாஸ்

இது 2000-களின் நடுவில் வந்தது, 2020-இல் இணையதளம் புதுப்பிக்கப்பட்டது. இலவசம். படிவத்தை நிரப்பினால் பிடிஎஃப் வரும். மொழித் திறனைத் துண்டு துண்டாகக் கேட்டு வாங்குவதால், ‘தமிழ், ஆங்கிலம் எழுத, படிக்க, பேசத் தெரியும்’ என்று எழுதிப் பழகிய நமக்கு இது நல்ல பயிற்சி.

நிறுவனங்களுக்கு அனுப்ப இது எனக்குப் பிடிக்காது. ஒரே மாதிரிப் பெட்டிகள், ஒரே மாதிரி நிறம். முக்கியமான வேலையும் இரண்டு நாள் பயிற்சியும் ஒரே அளவு இடம் பிடித்துக்கொள்கின்றன. நம் இன்ஜினியரின் ஃபைல் நான்கு பக்கம் வந்தது. ஓசூரில் மூன்றரை வருடம் செய்த வேலை மூன்றாம் பக்கத்தில் ஒளிந்திருந்தது.

ஆனால் இதுவே சரியான வடிவமாக இருக்கும் இடங்கள் உண்டு. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் தரும் சில உதவித்தொகைகளுக்கு யூரோபாஸ் மாதிரியில் கையெழுத்திட்ட ரெஸ்யூமே கேட்கிறார்கள். பல்கலைக்கழக முதுநிலைப் படிப்புகள் சிலவும், ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடக்கும் திட்டங்களும் அப்படியே. கேட்டவர்களுக்குக் கொடுங்கள். இரண்டு மூன்று ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே சமயத்தில் விண்ணப்பிப்பவர் தன் விவரங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்து, பிறகு அதிலிருந்து எடுத்து எழுதவும் இது உதவும்.

## மொழிபெயர்த்தால் பொய்யாகும் சொற்கள்

எந்த வடிவத்தை எடுத்தாலும் இந்தப் பகுதி பொருந்தும். ரெஸ்யூமேயை அகராதி வைத்தோ மென்பொருளில் ஒட்டியோ மொழிபெயர்க்கும்போது சில சொற்கள் தானாகவே பதவி உயர்வு வாங்கிவிடும்.

‘டிப்ளமோ’ முதலிடம். ஜெர்மனில் ‘டிப்ளோம்’ என்றால் பழைய ஐந்து வருடப் பல்கலைக்கழகப் பட்டம், இன்றைய முதுநிலைக்கு இணையாக மதிக்கப்படுவது. நம் பாலிடெக்னிக் டிப்ளமோவை அந்தச் சொல்லால் எழுதினால் நீங்கள் அறியாமலே பொய் சொல்லியிருப்பீர்கள். ஆங்கிலச் சொல்லையே வைத்து, பக்கத்தில் ‘பாலிடெக்னிக், பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்று வருடத் தொழில்நுட்பப் படிப்பு’ என்று விளக்கம் எழுதுங்கள். ‘ஹை ஸ்கூல்’ அடுத்தது: சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘ஹோக்‌ஷூலெ’ ஆகும், அதற்கு உயர்கல்வி நிறுவனம் என்று அர்த்தம். படிப்பவர் பதினைந்து வயதில் பல்கலைக்கழகம் போனவரைப் பார்த்து வியப்பார்.

‘இன்ஜினியர்’ என்பதிலும் ஒரு முள். ஜெர்மனில் ‘இன்ஷெனியோர்’ சட்டம் பாதுகாக்கும் தொழிற்பெயர். வெளிநாட்டுப் பட்டம் வைத்திருப்பவர் அதைத் தன் பெயரோடு போட்டுக்கொள்ள அந்தந்த மாநிலத்தில் அனுமதி வாங்க வேண்டும். வேலை தேடுவதற்கு அந்த அனுமதி பொதுவாகத் தேவையில்லை. ஆகவே பதவியை நிறுவனம் கொடுத்த கடிதத்தில் உள்ள ஆங்கிலப் பெயரிலேயே விடுங்கள். பட்டமும் அப்படியே: பி.இ. என்றால் பி.இ., கூடவே பட்டம் தந்த பல்கலைக்கழகத்தின் பெயர். இணைப்புக் கல்லூரியில் படித்தவர்கள் பல்கலைக்கழகத்தை முதலிலும் கல்லூரியை அடுத்தும் எழுதுங்கள். பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம், அனாபினில் தேடப்போவதும் அதைத்தான்.

மதிப்பெண் இன்னொரு வலை. ஜெர்மனியில் 1.0 தான் முதல் மதிப்பெண், 4.0 தேர்ச்சி எல்லை. ‘சிஜிபிஏ 7.4’ என்று மொட்டையாக எழுதினால் புரியாது. பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் திருத்திய பவேரிய வாய்ப்பாடு இது:

```
1 + 3 × (10 − 7.4) / (10 − 5) = 2.56
```

10 உச்ச அளவு, 5 இவருடைய தேர்ச்சி அளவு. ரெஸ்யூமேயில் ‘7.4 / 10, தேர்ச்சி 5’ என்று மூல எண்ணை முதலில் எழுதி, வேண்டுமானால் ‘வாய்ப்பாட்டின்படி சுமார் 2.6’ என்று சேர்க்கலாம். மாற்றிய எண்ணை மட்டும் எழுதினால் மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகாது.

கடைசியாக, அனுபவச் சான்று. ஜெர்மனியில் நிறுவனம் தரும் வேலைச் சான்று ஒரு ரகசிய மொழியில் எழுதப்படும். சட்டப்படி தொழிலாளியைக் குறைசொல்லும் விதமாக எழுத முடியாததால் பாராட்டிலேயே படிநிலைகள் வைத்துவிட்டார்கள். ‘எப்போதும் எங்களுக்கு மிக முழுமையான திருப்தி தரும்படி’ என்றால் முதல் தரம். ‘எப்போதும் முழுத் திருப்தி’ இரண்டாம் தரம். ‘முழுத் திருப்தி’ மூன்றாம் தரம். வெறும் ‘திருப்தி’ என்றால் நான்காம் தரம், அதாவது தட்டுத்தடுமாறித் தேறியவர். நம் ஊர் ரிலீவிங் லெட்டரில் டெம்ப்ளேட்டாக வரும் வரி என்ன? ‘இவரது பணி திருப்திகரமாக இருந்தது.’ இதைப் பணம் கொடுத்து ஜெர்மனில் மாற்றினால், நல்ல மனதோடு எழுதிய வரி உங்களைக் கவிழ்க்கும். ஆங்கிலக் கடிதத்தை ஆங்கிலத்திலேயே இணையுங்கள். இந்தியக் கடிதம் என்பதால் படிப்பவரும் அந்தக் கண்ணாடியைப் போட மாட்டார்.

## யாருக்கு எது

ஆங்கில விளம்பரம், மென்பொருள் வேலை, தொடர்ச்சியான அனுபவம் என்றால் முதல் வழி. மாதத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை, படிப்பு என்றால் யூரோபாஸ், அதுவும் கேட்டால். செவிலியர்களுக்கு யோசனையே வேண்டாம்: தகுதி அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும்போது பொதுவாகத் தேதியும் கையெழுத்தும் உள்ள அட்டவணை வடிவ லேபன்ஸ்லாஃபையே கேட்பார்கள். உற்பத்தி, இயந்திரம், தரக் கட்டுப்பாடு, இடைவெளி உள்ளவர்கள், டிப்ளமோ வழியாக வந்தவர்கள் எல்லாருக்கும் இரண்டாவது.

இந்த ஒப்பீட்டை வேறு நாட்டுக்கு அப்படியே தூக்கிப்போகாதீர்கள். பிரிட்டன், கனடா, அமெரிக்காவுக்குப் போட்டோவும் பிறந்த தேதியும் கூடவே கூடாது. வளைகுடா நாடுகளில் நேர்மாறு; போட்டோ, குடியுரிமை, விசா நிலை எல்லாம் முதல் பக்கத்திலேயே எதிர்பார்ப்பார்கள்.

நம் இன்ஜினியர் கடைசியில் ஜெர்மன் கட்டமைப்பில் ஆங்கில வாசகம் எடுத்தார். இரண்டு பக்கம். டிப்ளமோ திரும்ப வந்தது, ‘அதன் அடிப்படையில் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை’ என்ற அரை வரியோடு. பொழுதுபோக்கில் ‘பாட்டு கேட்பது’ போனது, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் அணித் தலைவர் என்பது நின்றது. ஜெர்மன் மொழிக்கு ‘பி1, தேர்வுக்குத் தயாராகிறேன்’ என்று எழுதியிருந்ததை ‘ஏ2 சான்றிதழ், பி1 வகுப்பு நடக்கிறது’ என்று மாற்றினோம். சான்றிதழ் ஏ2-க்குத்தான் இருந்தது. உறுதிமொழி வாசகத்தை எடுத்துவிட்ட இடம் வெறிச்சென்று இருக்கிறது என்று வருத்தப்பட்டார். அங்கே ‘கோயம்புத்தூர்’, தேதி, கையெழுத்து மூன்றும் வந்து உட்கார்ந்தன.